ஒஷாவாவில் விலைக்கு வந்த ரிலீஸ்

1

மாசி மாதம் வந்தால் எங்கள் வீட்டில் எனக்கு ஒரு விழா நடக்கும். பிறந்தநாள் இல்லை. ரொறன்ரோ விமான நிலையத்தில் நான் வந்து இறங்கிய நாள். மனைவி வசந்தி பாயாசம் காய்ச்சுவாள். காய்ச்சிவிட்டுச் சும்மா தரமாட்டாள். “உங்கட கபீல் தாறன், குடியுங்கோ” என்று சொல்லித்தான் தருவாள். இந்த முறை பதினைந்தாவது பாயாசம்.

கபீல் என்பது சார்ஜாவில் நான் சுமந்து திரிந்த சொல். அரபு நாடுகளில் எங்களுக்கு விசா எடுப்பவன் கபீல். எங்களுக்குப் பொறுப்பு அவன். அவன் பெயரில்தான் நாங்கள் அந்த நாட்டில் மூச்சு விடலாம். கலியாணம் கட்டிய கையோடு நான் சார்ஜாவுக்குத் திரும்ப, வசந்தி ஸ்காபரோவுக்குத் திரும்பினாள். அவள் ஏற்கெனவே கனடாக்காரி. என்னைக் கூப்பிட அவள் போட்ட முதல் விண்ணப்பத்தை, இந்தக் கலியாணம் உண்மையானதா என்று சந்தேகப்பட்டுத் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது சரிவர ஆறு வருடம் போய்விட்டது. என் மகள் அபி பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடமும் போகத் தொடங்கியபிறகுதான் தகப்பனை நேரில் கண்டாள். விமான நிலையத்தில் என்னைப் பார்த்து “ஹலோ” என்று கை நீட்டியது இன்றைக்கும் நெஞ்சுக்குள் நிற்கிறது.

அந்த ஆறு வருடமும் நான் தொழிலாளர் முகாமில் இருந்து குளிரூட்டி திருத்தினேன். இப்போது இங்கே வீடுகளைச் சூடாக்கும் ஃபேர்னஸ் திருத்துகிறேன். அங்கே குளிர், இங்கே சூடு. கையும் ஸ்பானரும் ஒன்றுதான்.

பாயாசம் இன்னும் ஆறவில்லை, தொலைபேசி அடித்தது. ஒஷாவாவில் ஒரு வீட்டில் சூடு வரவில்லையாம். “விழா நாயகன் எங்க வெளிக்கிடுறார்?” என்றாள் வசந்தி. வெளியில் மூக்கு விறைக்கிற குளிர். எந்த வீட்டுச் சனமோ நடுங்கிக்கொண்டிருக்குது என்று வெளிக்கிட்டேன்.

2

வெளியில் இருந்து பார்த்தால் அது நல்ல வீடு. புதுக் குடியிருப்பு, இரண்டு கார் நிற்கிற கராஜ். கதவைத் திறந்தால் வாசலில் சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. அத்தனையும் ஆம்பிளைச் சப்பாத்து. 

ஃபேர்னஸ் பேஸ்மென்றில். படியிறங்கிய உடனே நான் நின்றுவிட்டேன். சுவரோரமாக இரண்டடுக்குக் கட்டில்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்ஷீற்றால் திரை. திரைக்குள்ளே ஒரு சின்ன விளக்கு, தலைமாட்டில் சாமிப்படம், அதற்குப் பக்கத்தில் பிள்ளைகளின் படம். கட்டிலுக்குக் கீழே பூட்டுப் போட்ட பெட்டிகள். கயிற்றில் காயும் உடுப்பு. அந்த மணம்! வெங்காயமும் ஈர உடுப்பும் தலைவலித் தைலமும் கலந்த மணம். சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை மூடியிருந்தால் நான் சார்ஜாவில் நிற்கிறேன் என்றுதான் நினைத்திருப்பேன்.

சுவரில் இருந்த சூட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மேலே கண்ணாடி மாதிரி ஒரு மூடி, அதற்கு ஒரு பூட்டு.

“உதின்ரை திறப்பு எங்க?” என்று கேட்டேன்.

கீழ்க் கட்டிலில் போர்வையால் மூடிக்கொண்டு ஒருவர் இருந்தார். காய்ச்சல் என்று வேலைக்குப் போகவில்லையாம். நாற்பது வயது இருக்கும். “அது பொஸ்ஸிட்ட, அண்ணை. கரண்ட் காசு கூடுதாம்” என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். ஃபேர்னசுக்குக் காற்று எடுக்கிற வெள்ளைக் குழாயின் வாயைப் பனி அடைத்திருந்தது. பனியைக் கிண்டி எறிந்துவிட்டு வந்து திருப்பிப் போட, அது உறுமிக்கொண்டு எழும்பியது. மனுசன் எழும்பி எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார். தகரக் கோப்பையில், பால்மா போட்டு, சீனி அள்ளிப் போட்டு.

“நீங்கள் கல்ஃபில இருந்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“ஓம். டோஹா. எப்பிடிக் கண்டுபிடிச்சனீங்கள்?”

“திரை கட்டியிருக்கிற விதத்தில. நான் சார்ஜா.”

அவ்வளவுதான். ஏதோ ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டோம். பெயர் ராசு. கிளிநொச்சி ஆள். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் ஊரில். டோஹாவில் ஒரு முகாமின் சமையலறையில் பத்து வருடம் ரொட்டி அடித்தவர். அந்தக் கையைப் பார்த்துத்தான் இங்கே உறைந்த பரோட்டா செய்கிற தொழிற்சாலை ஒன்றுக்கு எடுத்திருக்கிறார்கள். முதலாளி எங்கட யாழ்ப்பாணத்து ஆள். வீடும் அவருடையது, வானும் அவருடையது. வாடகையைச் சம்பளத்தில் கழிக்கிறார். காலையில் வான் வந்து ஏற்றும், வேலை முடியக் கொண்டுவந்து இறக்கும்.

“பாஸ்போட்டும் அவரிட்டயோ?” என்றேன். வாய்க்கு வந்த கேள்விதான்.

“ஓமண்ணை.”

“பறிச்சுப்போட்டாரோ?”

“சீச்சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ. நான்தான் வந்த அண்டைக்கே குடுத்தனான்.”

“கேட்டவரே?”

“கேக்க முந்தியே குடுத்தனான். அதுதானே முறை? அவர் முதல்ல ஒருக்கா முழிச்சவர். பிறகு வாங்கி மேசை லாச்சிக்குள்ள வைச்சவர். என்னைப் பாத்திட்டு மற்றப் பெடியளும் குடுத்திட்டாங்கள்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கனடாவில் இருக்கிற ஒரு முதலாளிக்குக் கபீல் வேலை பழக்கிக் கொடுத்ததே நம்மட ராசுதான்.

3

அவரை மடையன் என்று நினைக்காதீர்கள். அந்தப் பழக்கம் எங்களுக்கு எப்படி ஏறியது என்று நான் சொல்லவேண்டும்.

சார்ஜாவில் என்னைக் கூட்டிப்போய் இறக்கிய அன்று, மேசையில் இருந்தவன் கையை மட்டும் நீட்டினான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எல்லோரும் பாஸ்போட்டை வைத்தோம். அது சட்டப்படி பிழை என்று அங்கேயும் எழுதியிருந்ததாம். ஆர் வாசித்தது? வேறு கொம்பனிக்குப் போவதென்றால் பழைய கொம்பனி ‘ரிலீஸ்’ என்று ஒரு கடிதம் தரவேண்டும். தராவிட்டால் ஊருக்குத்தான். சொல்லாமல் போனாலோ, ஓடிப்போனவன் என்று பொலிசில் பதிந்துவிடுவார்கள். பிறகு பிடித்தால் சிறை, பிறகு விமானம், பிறகு அந்த நாட்டுக்குள் கால் வைக்க முடியாது. கத்தார், எமிரேற்ஸ் எல்லாம் இந்தச் சட்டங்களை இப்போது எவ்வளவோ தளர்த்திவிட்டன என்று சொல்கிறார்கள். நல்லது. ஆனால் அந்தக் காலத்தில் பழகிய எங்கள் தலைக்குள்ளே இருக்கிற சட்டத்தை ஆர் வந்து தளர்த்துவது?

சம்பளக் கதை இன்னொன்று. ஆரம்பத்தில் கடித உறைக்குள் காசு வரும், வந்தால்தான். மாதக்கணக்கில் வராமலும் இருக்கும். பிறகு அரசாங்கம் ஒரு முறை கொண்டுவந்தது. சம்பளம் எல்லாம் வங்கி வழியாகத்தான் போகவேண்டும், கொம்பனி ஆருக்கு எவ்வளவு போட்டது என்ற விபரம் தொழில் அமைச்சுக்குத் தெரியவேண்டும், போடாத கொம்பனிக்குப் புது விசா இல்லை. சம்பளப் பாதுகாப்பு முறை என்று பெயர். முதல் மாதம் எல்லோருடைய கைபேசியும் ஒரேநேரத்தில் டிங் என்றது. முகாமே கைதட்டியது. நான் அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களோ தெரியாது.

வேலியைப் போட்டால் அதில் புகுந்து போகப் பொட்டு வைக்கிறவனும் பிறக்கத்தானே செய்வான். பக்கத்து முகாம் பொறுப்பாளன் ஆட்களின் வங்கி அட்டைகளை ஒரு பையில் சேர்த்து வைத்திருந்தான். சம்பளம் விழுகிற நாளில் இயந்திரத்துக்கு முன்னால் நின்று ஒவ்வொரு அட்டையாகப் போட்டு எடுப்பான். அமைச்சின் கணக்கில் முழுச் சம்பளம். ஆளின் கையில் பாதி. வரிசையில் நின்ற எங்களுக்கு அது ஒரு பகிடியாகக்கூட இருந்தது. இன்றைக்கு நினைத்தால் வயிறு எரிகிறது.

4

ராசுவின் கதையும் அதே கதைதான், உடுப்பு மட்டும் வேறு.

கனடாவில் ஒரு முதலாளி வெளிநாட்டு ஆளை எடுப்பதென்றால், இந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் கிடைக்கவில்லை என்று அரசாங்கத்துக்குக் காட்டி அனுமதி எடுக்கவேண்டும். எல்.எம்.ஐ.ஏ. என்பார்கள். அந்தச் செலவு முதலாளியுடையது. தொழிலாளியிடம் ஒரு சதம் அறவிடக்கூடாது. அந்த அனுமதியை வைத்துத்தான் ஆளுக்கு வேலைப் பெர்மிற் வரும். பெர்மிற்றில் முதலாளியின் பெயர் அச்சடித்திருக்கும். அவரிடம் மட்டும்தான் வேலை செய்யலாம்.

ராசுவுக்குச் சம்பளம் ஒழுங்காக வங்கிக்கு வருகிறது. சம்பளச் சீட்டும் வருகிறது. பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஆனால் சீட்டில் நாற்பது மணித்தியாலம். அவர்கள் செய்வது கிழமைக்கு அறுபதுக்கும் மேலே. ஒன்ராறியோவில் நாற்பத்துநாலு தாண்டினால் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அது மட்டுமில்லை, சம்பளம் விழுந்த அடுத்த நாள் ஒரு பங்கைக் காசாக எடுத்துக்கொண்டுபோய் அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். ‘எல்.எம்.ஐ.ஏ. செலவு.’

“இன்னும் நாலு மாசத்தில பெர்மிற் முடியுது, அண்ணை” என்றார் ராசு. “புதுப்பிக்கிறதெண்டால் திரும்பவும் முதல் இருந்து கட்டோணுமாம். இல்லாட்டி ஊருக்குப் போகட்டாம். என்னால ஏலாதண்ணை. பிள்ளையளை இஞ்ச எடுக்கிற எண்ணத்திலதான் மனுசி தனிய நிண்டு இழுக்குறாள். நான் வெறுங்கையோட போய் அவளின்ரை முகத்தில முழிக்கிறதோ?”

வேறு இடத்தில் வேலை பார்த்தால் என்ன என்றேன். பக்கத்து ஊர் விட்பியில் ஒரு பேக்கரிக்காரர் கேட்டிருக்கிறாராம். அனுமதி எடுத்துத் தரவும் தயாராம்.

“பிறகென்ன?”

ராசு குரலைத் தாழ்த்தினார். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. “பொஸ் ரிலீஸ் தரோணுமே. நீங்கள் ஒருக்கா அவரோட கதைச்சு, ஒரு ரிலீஸ் பேப்பர் எடுத்துத் தர ஏலுமே, அண்ணை? ஊர் ஆள், உங்களுக்கு மதிப்புத் தருவார்.”

நான் ஓம் என்றேன். கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். பதினைந்து வருடம் இந்த நாட்டில் இருந்தும், ரிலீஸ் என்ற சாமான் கனடாவில் இருக்கிறதா என்ற கேள்வி என் மண்டையில் எழும்பவே இல்லை.

5

பின்னேரம் பாயாசத்தைச் சூடாக்கிக்கொண்டு மகளிடம் இதைச் சொன்னேன். அபி ஆட்களை வேலைக்கு எடுக்கிற படிப்புப் படிக்கிறாள். கைபேசியில் இருந்து தலையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவள், ரிலீஸ் என்றதும் நிமிர்ந்தாள்.

“வெயிற், வட்? அப்பா, சீரியஸ்லி? கனடாவில அப்பிடி ஒண்டும் இல்லை. ஹி கேன் ஜஸ்ற் குவிற்.”

“விசர்க்கதை கதையாதை. பெர்மிற்றில முதலாளின்ரை பேர் கிடக்கு.”

“ஸோ? வேற ஆளிட்ட வேலை செய்யத்தான் நியூ பெர்மிற் வேணும். வேலையை விடுறதுக்கு ஆரிட்டயும் கேக்கத் தேவையில்லை. விட்டா பொலிஸ் வராது. ஹூ டோல்ட் யூ திஸ்?”

“எனக்கு ஆரும் சொல்லத் தேவையில்லை, நான் அனுபவிச்சனான்!”

“தட் வோஸ் சார்ஜா, அப்பா. வளந்த மனுசன், ஏன் பேமிஷன் கேக்குறார்? ஐ டோன்ட் கெற் இற்.”

எனக்கு வந்ததே கோபம். “உனக்குப் பாஸ்போட் எண்டால் கியூபாவுக்குக் கடல் குளிக்கப் போற சாமான். அவனுக்கு அது உயிர். உனக்கெங்க விளங்கப் போகுது!” என்று கத்திவிட்டேன். பாயாசக் கோப்பை மேசையில் தடங்கென்றது. வசந்தி அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, “கபீல் இன்னும் உயிரோடதான் இருக்குறன், சத்தத்தைக் குறையுங்கோ ரெண்டு பேரும்” என்றாள்.

அபி எழும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மடிக்கணினியோடு திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் இருந்தாள். அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அவளுடைய தமிழுக்கு அது லேசான வேலை இல்லை. முதலாளியால் துன்பப்படுகிறவர் தன் பெர்மிற் செல்லுபடியாக இருக்கும்போதே ஒரு திறந்த பெர்மிற் கேட்கலாம். கட்டணம் இல்லை. முதலாளியின் கையெழுத்து இல்லை. அவருக்கு அறிவிக்கவும் தேவையில்லை. கிடைத்தால் எந்த முதலாளியிடமும் வேலை செய்யலாம். பாஸ்போட்டை வைத்திருப்பதும், ஆள் எடுத்த செலவைத் தொழிலாளியிடம் அறவிடுவதும் ஒன்ராறியோவில் குற்றம்.

“திஸ் இஸ் ஹிஸ் ரைற், அப்பா. கிருபை இல்லை.”

கிருபை என்ற சொல்லை எங்கே பொறுக்கினாளோ. இவளைப் பத்து வருடம் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிய பெற்றோல் வீண்போகவில்லை.

6

அடுத்த நாள் ராசுவுக்குத் தொலைபேசியில் எடுத்துச் சொன்னேன். 

“முதலாளிக்குத் தெரியாமலோ?” என்றார்.

“ஓம்.”

“அது களவெல்லோ, அண்ணை. ஓடிப்போற மாதிரி. நான் நேர சொல்லிப்போட்டுத்தான் செய்வன்.”

“நேரயும் வேண்டாம் வளையவும் வேண்டாம், பேசாம இருங்கோ” என்று தலைகீழாய் நின்று தண்ணி குடித்தேன். கேட்டாரா? அந்தக் கிழமையே அலுவலகத்துக்குப் போய், கையைக் கட்டிக்கொண்டு, “பொஸ், எனக்கு ஒரு ரிலீஸ் தாங்கோ” என்று கேட்டிருக்கிறார்.

இனித்தான் கூத்து. அந்த முதலாளிக்கு எல்லாம் தானாக வந்து மடியில் விழுகிறது. பாஸ்போட்டை நீட்டியபோது எப்படி முழித்தாரோ, இப்போதும் அப்படித்தான் முழித்திருப்பார். ரிலீஸ் என்றால் என்ன என்று அவருக்கே தெரியாது. ஆனால் கேட்கிறவன் கண்ணில் பயத்தைக் கண்டால் வியாபாரிக்கு விலை போடத் தெரியாதா? இரண்டு நாள் கழித்து ராசுவின் கைபேசிக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ராசு அதை எனக்கு அனுப்பினார்.

“ராசு, நீர் கேட்ட ரிலீஸ் பற்றி யோசிச்சனான். தரலாம். ஆனா இதுக்கு லோயர் செலவு இருக்கு. மூண்டு மாசச் சம்பளம் கட்டினால் ரிலீசும் தாறன், பாஸ்போட்டும் தாறன். மற்றப் பெடியள் ஆருக்கும் வேணுமெண்டாலும் சொல்லும்.”

நான் என் வேலை வானை ரோட்டோரம் நிறுத்திப்போட்டு அதைத் திரும்பக் கேட்டேன். இல்லாத சாமானுக்கு விலை! அதுவும் மொத்த வியாபாரம்! ராசு என்னவென்றால், “நியாயமான விலைதானே, அண்ணை? டோஹாவில இதை விடக் கூடக் கேட்டவங்கள்” என்கிறார். அறையில் இன்னும் மூன்று பேர் காசு சேர்க்கத் தொடங்கிவிட்டார்களாம்.

“ராசு, ஒரு சதமும் குடாதேங்கோ. அந்தச் செய்தியை அழிச்சுப்போடாதேங்கோ. நான் இப்ப வாறன்.”

7

ஸ்காபரோவில் காசு வாங்காத சட்ட உதவி நிலையம் ஒன்றுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். அபி வகுப்பை விட்டுவிட்டு வந்தாள். உள்ளே சட்டம் தெரிந்த ஒரு பெண்மணி, நரைத்த தலை, தமிழ் தெரியாதவர். அபி மொழிபெயர்க்க, குரல் செய்தியைக் கேட்டவர் முதலில் விளங்காமல் முகத்தைச் சுழித்தார். பிறகு விளங்கியதும் பேனையைக் கீழே வைத்துவிட்டு, “இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். வேலையை விடுவதை விற்றவரை இன்றுதான் காண்கிறேன்” என்றார். அவர் சிரிக்கவில்லை.

என்ன சான்று இருக்கிறது என்று கேட்டார். ராசு கையை விரித்தார். மணித்தியாலம் குறித்து வைக்கவில்லை, காசு கொடுத்ததற்கு ஒரு துண்டுச்சீட்டும் இல்லை. அப்போது அபிதான் கேட்டாள். “அங்கிள், வான் வாறது எப்பிடித் தெரியும்?” வட்ஸ்அப் குழு ஒன்று இருக்கிறதாம். ஓட்டுநர் காலையில் ‘வான் வெளியில’ என்று போடுவார். வேலை முடிய ‘எல்லாரும் ஏறுங்கோ’ என்று போடுவார். ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் நேரம் நிற்கிறது. ஒன்றரை வருடம், ஒருநாள் தவறாமல். வங்கிக் கணக்கிலும் சம்பளம் விழுந்த அடுத்த நாளே ஒரே அளவு காசு எடுபட்டிருந்தது. ஃபேர்னஸ் திருத்திய அன்று எடுத்து வைத்திருந்த கட்டில்களின் படம், பூட்டுப் போட்ட சூட்டுப் பெட்டியின் படம் எல்லாம் நான் கொடுத்தேன். அந்தப் பெண்மணி தலையை ஆட்டி ஆட்டி எழுதினார்.

பாஸ்போட்டுக்குச் சண்டை பிடிக்கவில்லை. அந்தப் பெண்மணி சொன்னபடி ராசு முதலாளிக்கு இரண்டு வரி செய்தி அனுப்பினார். என்னுடைய பாஸ்போட்டைத் திருப்பித் தாருங்கள், அதை வைத்திருப்பது ஒன்ராறியோச் சட்டத்துக்கு மாறு. அனுப்புகிற பொத்தானை அமத்த ராசுவின் விரல் போகவே இல்லை. “நீங்களே அமத்துங்கோ, அண்ணை” என்று கைபேசியை நீட்டினார். அவர்தான் அமத்தவேண்டும் என்று நாங்கள் மூவரும் அதை வாங்கவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அமத்தினார். அடுத்த நாள் காலை வான் ஓட்டுநர் ராசுவின் பாஸ்போட்டோடு மற்றவர்களுடையதையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு பாரமான சாமான், இரண்டு வரியில் அசைந்துவிட்டது.

விண்ணப்பத்தை இணையத்தில் போட்டார்கள். முதலாளி செய்தது எல்லாம் ஒரு விளக்கக் கடிதத்தில், சான்றுகள் அதற்குப் பின்னால். ராசு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்காபரோ வோபர்னில் எங்கள் வீட்டுப் பேஸ்மென்றுக்கு வந்தார். வேலையை விட்டதால் பெர்மிற் செத்துப்போகாது என்று அந்தப் பெண்மணி எத்தனையோ தரம் சொன்னார். என்றாலும் வாசலில் மணி அடித்தால் ராசு எழும்பி நிற்பார். வெளியில் பொலிஸ் கார் போனால் திரைச்சேலைக்குப் பின்னால் ஒதுங்குவார். அதைப் பார்த்த அபியின் முகம் மாறியதை நான் கண்டேன். அதற்குப் பிறகு அவள் “வளந்த மனுசன்” என்று சொல்லவில்லை. மணி அடித்தால் அவளே ஓடிப்போய்த் திறந்து, “அமேசன்தான், அங்கிள்” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போடுவாள்.

முதலாளி எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“யோகநாதன் எண்டது நீர்தானே? எங்கட சனத்தை எங்கட சனமே காட்டிக்குடுக்கிறதோ? நான் இவங்களுக்குச் சோறு போட்டனான்.”

“அவங்கள் அடிச்ச பரோட்டாவை வித்து நீங்கள் சோறு சாப்பிட்டனீங்கள், ஐயா. எங்கட சனம் எண்ட நினைப்பு அந்த ரிலீசுக்கு விலை போடேக்க எங்க போனது?”

“நான் கேக்கேல்லை. அவன்தானே தாங்கோ எண்டு வந்தவன்!”

அது பொய்யில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். “தண்ணிக்குப் பயந்தவனுக்குத் தரையில நிண்டுகொண்டு தோணி வித்தனீங்கள்” என்றேன். அவர் வைத்துவிட்டார். அன்று எனக்கு இரத்த அழுத்தக் குளிசை ஒன்று கூடப் போட வேண்டி வந்தது. வசந்தி, “ஃபேர்னஸ் திருத்தப் போன மனுசன் ஊர் திருத்தத் தொடங்கிட்டார்” என்றாள். சொல்லிக்கொண்டே ராசுவுக்கு இன்னொரு புட்டுத் துண்டு வைத்தாள்.

8

பங்குனி பிறந்து பனி உருகத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை. குடிவரவு அதிகாரி ஒருவர் ஏற்கெனவே ராசுவோடு பேசியிருந்தார், மொழிபெயர்ப்பாளரை வைத்து. அதற்குப் பிறகு ராசுவின் கைபேசியை அபி அடிக்கடி வாங்கிப் பார்ப்பாள். அன்றும் பார்த்தாள். பார்த்தவள் ஒன்றும் சொல்லாமல் அதை ராசுவின் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கத்திலேயே நின்றாள்.

திறந்த பெர்மிற். ஒரு வருடத்துக்கு.

ஒரு வருடம் பெரிய காலமில்லை. அதற்குள்ளே விட்பி பேக்கரிக்காரர் அனுமதி எடுக்கவேண்டும், அது கிடைக்கவேண்டும். கொடுபடாத மேலதிக நேரச் சம்பளத்துக்கும் காசாக வாங்கியதற்கும் தொழில் அமைச்சில் போட்ட முறைப்பாடு இன்னும் இழுபடுகிறது. தொழிற்சாலைக்குப் பரிசோதகர்கள் போனார்கள் என்று கேள்வி. ரிலீசுக்குக் காசு சேர்த்த மூன்று பேரில் இரண்டு பேர் தாங்களாகவே அந்தப் பெண்மணியைத் தேடிப் போயிருக்கிறார்கள். மூன்றாமவர் இன்னும் யோசிக்கிறார். யோசிக்கட்டும். அந்தப் பயம் எத்தனை வருடத்தில் ஏறியது என்று எனக்குத் தெரியும்.

இதை எழுதுவது ஊரில் இருந்து புறப்படப் போகிறவர்களுக்காக. ஏஜென்ற் சொல்வதைக் கேளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் போகிற நாட்டுச் சட்டத்தை அந்த நாட்டு வாயாலேயும் ஒருக்கால் கேளுங்கள். ஒரு நாட்டில் பட்ட சூட்டை இன்னொரு நாட்டுக்குக் காவிக்கொண்டு போகாதீர்கள். இங்கேயும் பெயர் அச்சடித்த பெர்மிற் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஆளை நசுக்குகிறவர்கள் இருக்கிறார்கள், எங்கள் சனத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் கதவும் இருக்கிறது. அதன் திறப்பு முதலாளியின் லாச்சிக்குள் இல்லை.

அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். ராசு கிளிநொச்சிக்குக் காணொளி அழைப்பு எடுத்தார். கைபேசியைச் சீனிப் போத்தலில் சாத்தி வைத்திருந்ததால், நாங்கள் எல்லோரும் அடுப்படிக்குள் நின்றே அவர் மனைவியின் முகத்தைக் கண்டோம். மெலிந்த, கண்ணில் நித்திரை இல்லாத முகம். அபி அச்செடுத்துக் கொடுத்த பெர்மிற்றை ராசு கைபேசிக்கு முன்னால் பிடித்தார். அந்த மனுசிக்கு ஆங்கிலம் தெரியாது. என்றாலும் பழைய பெர்மிற்றில் முதலாளியின் பெயர் எங்கே இருந்தது என்று அவளுக்கு மனப்பாடம்.

“இதில ஒருத்தற்றை பேரும் காணேல்லையே?” என்றாள். குரலில் பயம்.

“இல்லை. ஒருத்தற்றை பேரும் இல்லை.”

“அப்ப அந்த நாட்டில உங்களுக்கு ஆர் பொறுப்பு?”

ராசு எங்களைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன். வசந்தி என் கையைக் கிள்ளினாள்.

“நான்தான்” என்றார் ராசு. சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று பார்ப்பது போலத் திரும்பவும் சொன்னார். “எனக்கு நான்தான் பொறுப்பு.”

 அந்தப் பக்கம் மனுசி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, திரைக்குக் கிட்ட வந்தாள்.

“பொறுப்பான ஆள் முதல்ல அந்தத் தாடியை வழிக்கட்டும். பிள்ளையள் வந்து பாத்தால் பயப்பிடப் போகுதுகள்.”